11 நிமிட ஆவணப்படம்: பேச்சு ஓயாத இடத்தில் ஒலி விவரிப்பை எங்கே வைப்பது? கேப்ஷனும் வேண்டும்

தொகுப்பறை

காசிமேடு மீன் ஏலம் பற்றிய ஆவணப்படம். 11 நிமிடம் 40 விநாடி, விநாடிக்கு 25 பிரேம். நான்கு பேர் பேட்டி, ஓர் ஆண் குரலில் பின்னணி உரை, மீதியெல்லாம் துறைமுகத்தின் இயல்பான சத்தம். காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் வரும் ஒரு திரையிடல் இருக்கிறது. பிறகு யூடியூபிலும் ஏற்ற வேண்டும்.

ஆங்கில சப்டைட்டில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. திரையில் நடப்பதைப் பார்வையற்றவருக்குக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்புக்காக அமைதியான இடங்களைக் குறித்துப் பார்த்தேன். 3 விநாடிக்கு மேல் யாரும் பேசாத இடம் மொத்தம் ஒன்பதுதான், கூட்டினால் 52 விநாடி. முதல் நான்கு நிமிடத்தில் படத் தொடக்கத்தில் உள்ள 8 விநாடியைத் தவிர இடமே இல்லை. பேட்டியின் ஒலியைக் குறைத்துவிட்டு அதன் மேலேயே விவரிப்பைப் போடலாமா? தொகுப்பை இனி மாற்றுவதில்லை என்று படம் இன்னும் லாக் ஆகவில்லை, ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸும் முடியவில்லை.

மவுண்ட்ரோடு

சிம்பிளா முடிங்க சார். சப்டைட்டில்தான் இருக்கே, அதையே படத்து மேல நிரந்தரமா எரிச்சிடுங்க. காது கேக்காதவங்களுக்கு அது போதும். கண்ணு தெரியாதவங்களுக்கு அந்த சப்டைட்டிலையே ஒருத்தர வெச்சு படிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணிடுங்க. 2024ல இருந்து எல்லா வீடியோவுக்கும் இது சட்டப்படி கட்டாயம்னு வேற சொல்றாங்க, அதனால சீக்கிரம் முடிங்க.

இடைவெளி

மேலே சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, தள்ள வேண்டியதும் இருக்கிறது.

படத்தின்மேல் எரிப்பது திரையிடலுக்குச் சரி. வாட்சப்பில் சுற்றப்போகும் பிரதிக்கும் அதுதான் வழி, அங்கே தனிக் கேப்ஷன் கோப்பு கூடப் போகாது. ஆனால் யூடியூபில் தனிக் கோப்பாக ஏற்றினால் பார்ப்பவர் எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னணி நிறத்தை மாற்றலாம். எரித்த எழுத்தில் அது முடியாது.

சப்டைட்டிலைப் படித்துப் பதிவு செய்வது ஒலி விவரிப்பே அல்ல. பேசியது பார்வையற்றவருக்கு ஏற்கெனவே கேட்கிறது. கேட்காமல் போவது படம். சட்டத்தைப் பொறுத்தவரை, 2024 மார்ச் 15இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் திரையரங்குகளில் ஓடும் திரைப்படங்களுக்கானவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு பொதுவாக ஒலி விவரிப்பு, சைகைமொழி, கேப்ஷன் மூன்றையும் சொல்கிறது. அதை வைத்து ஒவ்வொரு யூடியூப் வீடியோவும் 2024இலிருந்து கட்டாயம் என்று சொல்லிவிட முடியாது.

இனி உங்கள் கேள்வி. பேட்டியின் மேல் விவரிப்பைப் போடாதீர்கள். இரண்டு பேச்சு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரண்டுமே போய்விடும். உங்கள் கையில் இருக்கும் பெரிய வசதி, படம் லாக் ஆகவில்லை என்பது. அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் விவரிப்புக்கு வேண்டிய இடத்தைத் தொகுப்பிலேயே உண்டாக்குங்கள், பிறகு லாக், அதன்பின் விவரிப்புக் குரல், கடைசியில்தான் தமிழ்க் கேப்ஷன். கேப்ஷனை முதலில் நேரம் பிரித்துவிட்டு நடுவில் இரண்டு விநாடி சேர்த்தால், அதற்குப் பின்னால் உள்ள வரிகள் அத்தனையும் நகரும்.

இடத்தை எங்கே உண்டாக்குவது? படத்தின் ஒலியை மட்டும், திரையைப் பார்க்காமல், ஒருமுறை கேளுங்கள். "இப்படித்தான்", "இதோ", "அங்கே", "இவ்ளோ பெருசு" என்று யாராவது சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள். சுட்டுச்சொல் வரும் இடத்தில்தான் படம் பேசுகிறது, ஒலி வாயை மூடிக்கொள்கிறது. பின்னணி உரையில் இருக்கும் சுட்டுச்சொற்களுக்கு விவரிப்பே தேவையில்லை, உரையை மாற்றிப் பேச வைத்தால் போதும். "இப்படித்தான் மீன் கரைக்கு வருகிறது" என்பதை "மீன் கூடை கூடையாகக் கயிற்றில் கட்டி இறக்கப்படுகிறது" என்று மாற்றினால் கண் தெரிந்தவருக்கும் எதுவும் குறையாது. 52 விநாடியில் பாதிச் சுமை அதிலேயே இறங்கிவிடும்.

பேட்டியில் வருவதை மாற்ற முடியாது. "வஞ்சிரம் இவ்ளோ பெருசு வரும்" என்று ஓர் அம்மா கையை விரித்தால், அந்த வாக்கியம் முடிந்ததும் அடுத்த வெட்டுக்குமுன் இரண்டு விநாடி, அதாவது 50 பிரேம், துறைமுகக் காட்சியை நீட்டிவிட்டு "கைகளை மார்பகலம் விரித்துக் காட்டினார்" என்று சொல்லலாம்.

அடுத்தது பெயர்ப்பட்டை. பேட்டி தொடங்கிய கணத்தில் கீழே பெயர் எழுத்தில் வருகிறது, அதே கணத்தில் அவர் பேசவும் தொடங்கிவிடுகிறார் என்றால், கேட்பவருக்கு அவர் யாரென்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு பேட்டிக்கும் முந்தைய காட்சியை 50 பிரேம் நீட்டி, பெயரையும் தொழிலையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். நான்கு பேட்டிக்கு 8 விநாடி.

கீழ்க்கட்டளை_ஸ்டுடியோ

நடுவுல வரேன், மன்னிச்சுக்கோங்க. எங்க ஸ்கூல் ஆண்டுவிழா வீடியோவுக்கு தமிழ்ல கேப்ஷன் அடிச்சு கொடுத்தாங்க. எடிட்டிங் சிஸ்டத்துல அழகா தமிழ் தெரியுது. யூடியூப்ல ஏத்தினா "mk;kh" மாதிரி இங்கிலீஷ் எழுத்தா வருது. இன்னொரு கோப்புல வெறும் கேள்விக்குறி. யூடியூப்ல தமிழ் வராதா?

நாலாம்வரி

வரும். உங்களுக்கு இருப்பது இரண்டு தனி நோய்கள்.

"mk;kh" என்று தெரிவது பாமினி எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், பாமினி அதன்மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடுகிறது. அந்த "mk;kh" என்பது "அம்மா". NHM கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படியுங்கள். நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்த சொல் இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். நேரக் குறிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வசனத்தை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு.

கேள்விக்குறி வேறு. யூனிகோடில் சரியாக அடித்துவிட்டு, நோட்பேடில் சேமிக்கும்போது ANSI என்று தேர்ந்திருக்கிறார்கள். அதில் எழுத்து மாறவில்லை, அழிந்தே போய்விட்டது. மூலக் கோப்பைத் தேடி UTF-8 என்று மறுபடி சேமிக்க வேண்டும். மூலம் இல்லையென்றால் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அது கோப்பின் தவறே அல்ல. படத்தின்மேல் எரிக்கும்போது "கொ" என்பதில் கொம்பு இடம் மாறி நின்றாலோ, புள்ளிவட்டம் தெரிந்தாலோ, எடிட்டிங் மென்பொருள் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். பிரீமியரில் எழுத்துப் பொறிக்கான அமைப்பில் `South Asian and Middle Eastern` என்று மாற்றிவிட்டு மறுபடி திறங்கள்.

தொகுப்பறைக்கு: ஆங்கிலக் கோப்பை மொழிபெயர்த்துக் கேப்ஷன் ஆக்காதீர்கள். சப்டைட்டில் கேட்கத் தெரிந்தவருக்காக எழுதியது. யார் பேசுகிறார், என்ன சத்தம் என்பது அதில் இருக்காது. தமிழ்ப் பேச்சிலிருந்து நேரே எழுதுங்கள்.

இன்னொன்று, ஆங்கிலத்துக்குச் சொல்லும் நிமிடத்துக்கு 160, 180 சொல் கணக்கைத் தமிழுக்குப் போடாதீர்கள். "போய்க்கொண்டிருந்தார்கள்" ஒரே சொல், படிக்க ஆகும் நேரமோ மூன்று சொல்லுக்குரியது. சொல் எண்ணுவதை விட்டு, ஒரு வரியை மனத்துக்குள் நிதானமாக ஒன்றரை முறை படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் சுருக்குங்கள், அல்லது அடுத்த வசனம் வரும்வரை வரியைத் திரையில் நிறுத்துங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். "ணை", "ஞ்ஞா" போன்றவை அகலமானவை, எனவே எழுத்தெண்ணிக்கை சரியாக இருந்தும் கைப்பேசியில் வரி மடிந்து மூன்றாகலாம். கைப்பேசியிலேயே பார்த்துச் சோதியுங்கள்.

ஏலத்துக்குத் தனி யுக்தி வேண்டும். ஏலக்காரர் விநாடிக்கு மூன்று நான்கு விலை கூவினால் எல்லாவற்றையும் எழுதினால் யாராலும் படிக்க முடியாது. தொடங்கிய விலை, முடிந்த விலை இரண்டையும் எழுதி, நடுவே விலை ஏறுகிறது என்று சொன்னால் போதும். விலையை எண்ணாலேயே எழுதுங்கள். "ஆயிரத்து ஐந்நூறு" என்பதைவிட "1500" கண்ணில் உடனே விழும்.

```
WEBVTT

00:02:14.200 --> 00:02:16.600
ஏலக்காரர்: 1200! 1200!

00:02:16.700 --> 00:02:20.900
[வேகமாக விலை ஏற்றிக் கூவுகிறார்]

00:02:21.000 --> 00:02:23.500 line:10%
ஏலக்காரர்: 1500... உனக்குத்தான்!
```

கடைசி வரியில் `line:10%` என்பது கேப்ஷனைத் திரையின் மேல்பக்கம் ஏற்றுகிறது. பெயர்ப்பட்டை கீழே வரும் இடங்களில் இது தேவை, இல்லையென்றால் எழுத்தின்மேல் எழுத்து விழும். எஸ்ஆர்டி வகைக் கேப்ஷன் கோப்பில் இந்த வசதி இல்லை. மேலே உள்ளதுபோல் விடிடி கோப்பாகக் கொடுங்கள். எஸ்ஆர்டியில் மில்லிவிநாடிக்குமுன் காற்புள்ளி, விடிடியில் புள்ளி. மாற்றும்போது இதில்தான் பலருக்குக் கோப்பு ஏறாமல் நிற்கும்.

கேட்பவன்

பார்வையற்றவன் என்ற முறையில் சில வார்த்தை. விவரிப்பில் எங்களை அதிகம் சோர்வடைய வைப்பது சத்தத்தைத் திரும்பச் சொல்வது. படகு மோட்டார் ஓடுவது எனக்குக் கேட்கிறது. "படகின் மோட்டார் ஓடுகிறது" என்று சொல்ல நான்கு விநாடி செலவழிக்காதீர்கள். யார், எங்கே, என்ன செய்கிறார், என்ன மாறியது, அவ்வளவுதான் வேண்டும்.

பின்னணி உரை ஆண் குரல் என்றால் விவரிப்புக்குப் பெண் குரல் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் படம் சொல்வது எது, விவரிப்பு எது என்று பிரிக்க முடியாது. குரலில் நடிப்பு வேண்டாம், செய்தி வாசிப்பும் வேண்டாம்.

விவரிப்புப் பிரதியைத் தனி வீடியோவாக ஏற்றினால் தலைப்பின் முதலிலேயே "ஒலி விவரிப்புடன்" என்று போடுங்கள். திரைவாசிப்பான் தலைப்பை முதலிலிருந்து படிக்கிறது. கடைசியில் போட்டால் பத்துத் தலைப்பைக் கடப்பதற்குள் நாங்கள் தாண்டிப் போயிருப்போம்.

முடிந்தால் படத்துக்குமுன் ஒரு நிமிட ஒலி முன்னுரை ஒன்று தாருங்கள். துறைமுகம் எப்படி இருக்கிறது, ஏலம் எங்கே நடக்கிறது, நான்கு பேர் யார் யார் என்று அங்கே சொல்லிவிட்டால் படத்துக்குள் ஒவ்வொரு முறையும் இடம் விளக்க வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பகுதிக்கு வாசகர்கள் வருவார்கள். லாக் செய்வதற்குமுன் அங்கே இரண்டு பேரைக் கேட்கச் சொல்லி, "பேட்டியில் இரண்டாவது ஆள் யார்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விவரிப்பு தோற்றிருக்கிறது.

மவுண்ட்ரோடு

சட்டம், சப்டைட்டில் படிக்கிறது ரெண்டும் நான் சொன்னது தப்புதான், ஏத்துக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கிறேன், தொடக்கத்துல 8 விநாடி இருக்கே, அதுல எவ்ளோ பேச முடியும்?

இடைவெளி

தமிழில் நிதானமான குரலுக்கு 8 விநாடியில் பன்னிரண்டு, பதின்மூன்று சொல். அந்தப் பன்னிரண்டும் எதற்குப் போகிறது என்பதுதான் கேள்வி. முதல் முறை எழுதுபவர் எல்லாரும் இப்படித் தொடங்குவார்கள்:

"அதிகாலை நேரத்தில் அழகான காசிமேடு துறைமுகத்தில் பல வண்ணப் படகுகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம்."

பன்னிரண்டு சொல். அதே பன்னிரண்டில் இப்படியும் எழுதலாம்:

"இருட்டு விலகாத துறைமுகம். விசைப்படகுகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு பெண் தலையில் காலிக் கூடையோடு நடக்கிறார்."

"நாம் காண்கிறோம்" கேட்பவருக்கு வீண். "அழகான" என்பது தீர்ப்பு, அதை அவரே செய்துகொள்வார். ஆனால் காலிக் கூடை முக்கியம். படத்தின் முடிவில் அந்தக் கூடை நிறைந்து வருகிறதென்றால் இப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று. நம் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. "மரக்கட்டையில் வஞ்சிரத்தை வைத்துப் பெரிய கத்தியால் தலையை வெட்டுகிறார்" என்று எழுதினால், "வெட்டுகிறார்" வாயிலிருந்து வருவதற்குள் வெட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டுவிடும். கேட்பவருக்கு முதலில் மர்மச் சத்தம், பிறகு விளக்கம். எனவே துண்டு துண்டாக எழுதுங்கள்: "வஞ்சிரம் மரக்கட்டையில். கத்தியை ஓங்குகிறார்." உடனே சத்தம். "வெட்டுகிறார்" என்ற சொல்லே தேவைப்படவில்லை, சத்தமே வினையை முடித்துவிட்டது. எழுதிய பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் எந்தப் பிரேமில் விழுகிறது என்று பாருங்கள், முதல் சொல் விழும் பிரேம் அல்ல.

"அவன்", "அவள்" வேண்டாம், "அவர்" போதும். சிறுவனாக இருந்தால் "சிறுவன்" என்றே சொல்லி "நிற்கிறான்" என்று முடிக்கலாம்.

தொகுப்பறை

செய்து பார்த்தேன். பின்னணி உரையில் 14 சுட்டுச்சொல் இருந்தன, 11ஐ உரையை மாற்றியே தீர்த்தாயிற்று. பெயர்களுக்கு 8 விநாடி, மற்ற இடங்களுக்கு 12 விநாடி நீட்டினேன். இப்போது படம் சரியாக 12 நிமிடம். விவரிப்புக் குரலையும் பதிவு செய்தாயிற்று. ஆனால் ஏலக் கூச்சலுக்கு நடுவே அந்தக் குரல் மூழ்குகிறது. கூச்சலை முழுக்க நிறுத்தினால் படம் செத்துப்போன மாதிரி இருக்கிறது.

ஒலிமேசை

நிறுத்தக் கூடாது, இறக்க வேண்டும். விவரிப்பு ஓடும் நேரத்தில் மட்டும் படத்தின் ஒலியை 8 முதல் 10 டெசிபல் இறக்குங்கள். குரல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கத் தொடங்கி, முடிந்தபின் ஒரு விநாடிக்குள் மெதுவாக ஏற வேண்டும். சட்டென்று ஏறி இறங்கினால் யாரோ கதவைத் திறந்து மூடுவதுபோல் கேட்கும். கையால் கீஃப்ரேம் போடுவதே சிறந்தது. 12 நிமிடப் படத்துக்கு ஒரு மாலை வேலைதான். அவசரத்துக்கு இந்த ffmpeg கட்டளை:

```
ffmpeg -i padam.mp4 -i ad.wav -filter_complex \
"[1:a]asplit=2[k][v]; \
[0:a][k]sidechaincompress=threshold=0.03:ratio=4:attack=150:release=800[bg]; \
[bg][v]amix=inputs=2:duration=first:normalize=0[out]" \
-map 0:v -map "[out]" -c:v copy -c:a aac padam_ad.mp4
```

`ad.wav` படத்தின் முதல் பிரேமில் தொடங்கி முழு 12 நிமிடமும் இருக்க வேண்டும், பேசாத இடத்தில் அமைதி. கடைசி விவரிப்போடு அதை வெட்டிவிட்டால் படத்தின் ஒலியும் அங்கேயே நின்றுவிடும். `normalize=0` விட்டுப்போனால் இரண்டு ஒலியும் தணிந்து வெளிவரும். இறக்கம் போதவில்லையென்றால் `ratio` எண்ணைக் கூட்டிப் பாருங்கள். சோதனையை ஹெட்போனில் செய்யாதீர்கள், கைப்பேசியின் ஸ்பீக்கரில் மின்விசிறி ஓடும் அறையில் கேளுங்கள்.

சைகை_வழி

சைகைமொழி பெயர்ப்பு செய்பவன். மேலே கேப்ஷனைத் தமிழ்ப் பேச்சிலிருந்து நேரே எழுதச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேட்டியில் அந்த அம்மா "இன்னா நைனா, ஏலத்துக்கு வந்துகினு கம்முனு நிக்கிற" என்று பேசுகிறார் என்று வையுங்கள். அப்படியே எழுதுவதா, "என்னப்பா, ஏலத்துக்கு வந்துவிட்டுச் சும்மா நிற்கிறாய்" என்று எழுதுவதா? பிறவியிலேயே காது கேளாதவர்களில் பலர் எழுத்துத் தமிழைப் பள்ளியில் இரண்டாவது மொழிபோல் கற்றவர்கள். "வந்துகினு" அவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அந்தச் சொல்லில் கண் நின்றுவிட்டால் அடுத்த வரி போய்விடும்.

அதேபோல் "[சளசள]", "[மடமட]" என்று இரட்டைக்கிளவியை எழுதாதீர்கள். ஒலியைக் கேட்டே அறியாதவருக்கு அது வெறும் எழுத்து. "[கூட்டத்தின் பேச்சுச் சத்தம்]" என்று எது ஒலிக்கிறதோ அதை எழுதுங்கள்.

நாலாம்வரி

இரட்டைக்கிளவியில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒலி எதிலிருந்து வருகிறது என்பதை எழுத வேண்டும், சரி. ஆனால் நடுவயதில் காது மந்தமானவர்களும் கேப்ஷன் படிக்கிறார்கள். அவர்களுக்கு "சளசளவென்று பேச்சு" என்பது ஒலியை நினைவில் எழுப்பும். இரண்டையும் சேர்த்து "[கூட்டம் சளசளவெனப் பேசுகிறது]" என்று எழுதலாமே.

வட்டாரப் பேச்சைத் திருத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது. காதால் கேட்பவருக்கு அந்த அம்மா காசிமேட்டுக்காரர். படிப்பவருக்கு மட்டும் அவரைப் பாடநூல் அம்மா ஆக்கினால், இரண்டு பேரும் வேறு வேறு படம் பார்க்கிறார்கள். உதட்டைப் படிப்பவருக்கு இன்னும் மோசம், வாய் ஒன்று சொல்லும், வரி இன்னொன்று சொல்லும். நான் செய்வது: "நைனா", "கம்முனு" போன்ற அடையாளச் சொல்லை விட்டுவைத்து, வினைமுடிவை மட்டும் கண்ணுக்குப் பழகிய வடிவில் எழுதுவது. "பண்றாங்க", "பண்ணுறாங்க" என்று எழுத்து ஊசலாடும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்து, படம் முழுக்க அதையே எழுதுவது.

சைகை_வழி

நடுவழி என்று சொல்கிறீர்கள். எனக்கு அது இரண்டும் கெட்டானாகப் படுகிறது. சைகைமொழிச் சாளரம் ஒன்று வைத்தால் இந்தப் பிரச்சினையே வேறு. வைப்பதானால் பெயர்ப்பாளரின் கையும் முகமும் கைப்பேசியில் தெரியும் அளவு வேண்டும். மூலையில் தபால்தலை அளவில் வைத்தால் பயனில்லை. கேப்ஷன் அதன் அடியில் ஓடாமல் தள்ளி நிற்க வேண்டும்.

தொகுப்பறை

சைகைச் சாளரத்துக்கு இந்த முறை பணமில்லை, அடுத்த படத்தில் பார்க்கிறேன். கேப்ஷனை ஒரு நண்பர் நேரம் பிரித்துக் கொடுத்துவிட்டார், புதுச் சிக்கல். முதல் வரி சரியாக வருகிறது. நடுவில் கால் நிமிடம் பிந்துகிறது. கடைசி வரி அரை நிமிடம் பிந்துகிறது, படம் முடிந்தபிறகும் வரி பாக்கி இருக்கிறது. எல்லா வரியையும் 15 விநாடி முன்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், முதல் பாதி கெட்டுவிட்டது.

நாலாம்வரி

தள்ளாதீர்கள். தொடக்கம் முதல் ஒரே அளவு பிசகினால்தான் தள்ளுவது மருந்து. போகப் போகப் பிசகு வளர்ந்தால் அது பிரேம் கணக்கு. உங்கள் படம் 25 பிரேம். நண்பருக்குப் போன பிரதி 24 பிரேமாக நீண்டிருக்கும். 12 நிமிடத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் 12 நிமிடம் 30 விநாடி, உங்கள் அரை நிமிடம் அதுதான். அவரிடம் இருக்கும் கோப்பின் நீளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் பிரேம் மாற்றும் இடத்தில் 24இலிருந்து 25 என்று கொடுத்தால் எல்லா நேரமும் 0.96ஆல் பெருக்கப்பட்டுச் சரியாகும். முதலில் தள்ளிய 15 விநாடியைத் திருப்பிவிட்டுச் செய்யுங்கள், அல்லது நண்பர் கொடுத்த மூலக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.

தொகுப்பறை

கேட்டேன். அவரிடம் இருப்பது 12:30தான். மூலக் கோப்பில் மாற்றினேன், கடைசி வரி உதட்டோடு ஒட்டுகிறது.

"வந்துகினு" மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு விதமாகவும் கேப்ஷன் எழுதி, திரையிடலுக்கு வருபவர்களில் ஒருவரிடம் முன்னதாகக் காட்டுகிறேன்.

கேட்பவன்

ஒலி முன்னுரையைப் பதிவு செய்ததும் இங்கே போடுங்கள், கேட்டுச் சொல்கிறேன். இரண்டாவது பேட்டிக்கு முன் நீட்டிய இடத்தில் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் தொழிலையும் சேர்த்துவிடுங்கள். ஏலக்காரரும் அவரும் ஒரே வயதுக் குரலாக இருந்தால் குழம்பும்.